குவிந்த பரப்பில் கட்டர் எவ்வளவு தள்ளி ஓட வேண்டும்?

சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தின் உட்புறம் வழவழப்பாக வரவேண்டுமானால், அதை வார்க்கும் மோல்டின் ‘கோர்’ வழவழப்பாக இருக்க வேண்டும். கோர் என்பது இங்கே அரைக்கோள வடிவ எஃகுத் துண்டு. அதன் கடைசி ஓட்டங்களைச் செய்வது பால் நோஸ் கட்டர். அதன் நுனி அரைப்பந்து வடிவில் இருப்பதால், ஒவ்வொரு ஓட்டமும் ஒரு வளைந்த பள்ளத்தை விட்டுச் செல்கிறது. உழுத நிலத்தில் சாலுக்கும் சாலுக்கும் நடுவே மண் நிற்பதுபோல, இரண்டு பள்ளங்களுக்கு இடையே மெல்லிய உலோக மேடு நிற்கும். பட்டறையில் அதை ஸ்காலப் என்பார்கள். ஓர் ஓட்டத்திலிருந்து அடுத்த ஓட்டத்துக்கு கட்டர் தள்ளிப் போகும் தூரம் ஸ்டெப் ஓவர்.

பாலிஷ் செய்பவர் கல்லும் எமரித் தாளும் கொண்டு இந்த மேட்டைத்தான் கரைக்கிறார். மேடு 5 மைக்ரானுக்குள், அதாவது 0.005 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டர் 6 மி.மீ. விட்டம் கொண்டது, ஆரம் 3. பரப்பு சமதளமானால் கணக்கு எளிது:

s = √(8Rh)

R கட்டரின் ஆரம், h மேட்டின் உயரம், s ஸ்டெப் ஓவர். 8 × 3 × 0.005 என்பது 0.12, அதன் வர்க்கமூலம் 0.346 மி.மீ. இந்த வர்க்கமூலத்தில்தான் செலவு ஒளிந்திருக்கிறது. ஸ்டெப் ஓவரைப் பாதியாக்கினால் மேடு கால் பங்காகும். மெஷின் ஓடும் நேரமோ இரட்டிப்பாகும்.

நம் கோர் சமதளமல்ல, 25 மி.மீ. ஆரமுள்ள குவிந்த பரப்பு. கட்டர் தொட்ட இடத்திலிருந்து பரப்பு கீழே சரிந்து விலக, பந்து மேலே விலகுகிறது. இரண்டும் எதிரெதிராகப் பிரிவதால் அதே ஸ்டெப் ஓவரில் மேடு சற்று உயர்கிறது. பரப்பின் ஆரத்தை ρ என்றால்:

s = √(8Rh × ρ/(ρ+R))

25-ஐ 28-ஆல் வகுத்துச் சேர்த்தால் 0.327 மி.மீ. வருகிறது. குழிவான பரப்பானால் (ρ+R) இருக்கும் இடத்தில் (ρ−R) வரும். கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தரும் குழிப் பகுதிக்கும் அதே 25 ஆரம் என்றால் 0.369 வரை தள்ளலாம். குழியின் ஆரம் கட்டரின் ஆரத்தைவிடச் சிறியதாக இருந்தால் சூத்திரத்துக்கே வேலையில்லை, கட்டர் உள்ளே போகாது.

வளைவு செய்யும் வித்தியாசம் இவ்வளவுதான். பெரிய தவறு நடப்பது சரிவில். இந்த 0.327 என்பது பரப்பின் மேல், தொடுபுள்ளிக்கும் தொடுபுள்ளிக்கும் இடையே அளக்க வேண்டிய தூரம். இணைகோடுகளாக ஓட்டும்போது மென்பொருளில் கொடுக்கும் எண்ணோ பெரும்பாலும் மேலிருந்து பார்த்த கிடைத் தூரம். தொடுபுள்ளிகள் கிடையாக 0.327 தள்ளி விழுந்தால், 60 பாகை சரிவில் பரப்பின் மீது அது 0.654 ஆகிவிடும். தூரம் இரட்டித்தால் மேடு நான்கு மடங்கு: கேட்டது 5 மைக்ரான், கிடைத்தது 20.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறு அளவுகோலும் போதும். உச்சியில் 5 மி.மீ. நீளத்துக்குள் பதினைந்து கோடுகள் அளவில் தெரியும்; ஓட்டங்களுக்குக் குறுக்கே சரியும் பக்கத்தில் ஏழெட்டுதான் தெரியும். ஓட்டத் திசையிலேயே சரியும் மற்ற இரு பக்கங்களும் நன்றாக இருக்கும். ஒரே கோரில் இரு பக்கம் வழவழப்பு, இரு பக்கம் நகம் இடறும் சொரசொரப்பு என்றால் காரணம் இதுதான். கோடுகள் சரியான எண்ணிக்கையில் இருந்தும் உச்சி மட்டும் கிழிந்தாற்போல் தெரிந்தால் அது வேறு விஷயம்: பந்தின் நடுநுனியில் வெட்டும் வேகம் ஏறக்குறைய பூஜ்யம், அங்கே கட்டர் வெட்டாமல் உரசுகிறது.

கிடைத் தூரத்தை 0.163 ஆகக் குறைத்தால் 60 பாகை வரை சரியாகும். ஆனால் உச்சியில் நேரம் வீணாகும், அதற்குக் கீழே இன்னும் செங்குத்தான அடிப்பகுதி அப்படியே இருக்கும். பரப்பின் மீதே சம இடைவெளி காக்கும் ஓட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே முறை. உச்சியிலிருந்து விளிம்பு வரை வளைவின் நீளம் 39.3 மி.மீ.; அதை 0.327-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 120 வட்டங்கள். 12 மி.மீ. கட்டர் போட்டால் இடைவெளி 0.44 ஆகி, வட்டங்கள் 90-க்குள் முடியும். கோர் அடித்தட்டைச் சந்திக்கும் மூலையில் அது 6 மி.மீ. ஆரத்தை மீதி வைக்கும், அதைச் சிறிய கட்டரால் தனியே எடுக்க வேண்டும்.

கோரை மெஷினிலிருந்து கழற்றும் முன் சரிவான பக்கத்துக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். கழற்றியபின் அதே இடத்தில் மைக்ரான் பிசகாமல் மறுபடி பொருத்துவது மிகவும் கடினம்.