நடுப்பெயரைத் தூக்கினால் நிமிரும் மரம்

பள்ளி வருகைப் பதிவேட்டில் பத்துப் பெயர்கள் இருக்கின்றன. அமுதா, இளங்கோ, உமா, கண்ணன், சரவணன், தமிழ்ச்செல்வி, நந்தினி, பாண்டியன், மீனா, வேலு. அகர வரிசை பிசகவில்லை. இந்தப் பெயர்களை ஒரு கணினி நிரல் "தேடல் மரம்" என்ற அமைப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.

தேடல் மரத்துக்கு ஒரே விதிதான். ஒவ்வொரு கணுவிலும் ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும். அகர வரிசையில் அதற்கு முந்தைய பெயர்கள் எல்லாம் அதன் இடப்பக்கக் கிளையில் இருக்கும், பிந்தையவை வலப்பக்கக் கிளையில் இருக்கும். ஒரு பெயரைத் தேடுகிறவர் மேலே உள்ள வேர்க்கணுவில் தொடங்கி, "முந்தியதா, பிந்தியதா?" என்று கேட்டுக்கொண்டே இடமோ வலமோ இறங்கினால் போதும். கணினிப் படங்களில் இந்த மரம் தலைகீழாகத்தான் வரையப்படும்: வேர் உச்சியில், கிளைகள் கீழே.

பதிவேட்டில் இருக்கிற வரிசைப்படியே ஒவ்வொன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும்? முதலில் வருகிற அமுதா வேராகிறார். இளங்கோ அமுதாவுக்குப் பிந்தியவர், வலப்பக்கம் போகிறார். உமா இருவருக்கும் பிந்தியவர், இளங்கோவுக்கு வலப்பக்கம் தொங்குகிறார். அடுத்து வருகிற ஒவ்வொருவரும் முந்தைய எல்லோருக்கும் பிந்தியவர் என்பதால், இடப்பக்கக் கிளை ஒன்றுகூட முளைப்பதில்லை. கடைசியில் கிடைப்பது மரமல்ல, வலப்பக்கமாகச் சரிந்த பத்துக் கண்ணிச் சங்கிலி. வேலுவைக் கண்டுபிடிக்கப் பத்துப் பெயர்களையும் தாண்டியாக வேண்டும்.

பத்துப் பெயருக்கு இது பொருட்டில்லை. 10 லட்சம் சொற்கள் உள்ள அகராதியை இப்படி ஏற்றினால், கடைசிச் சொல்லைச் சேர்க்க மட்டும் கிட்டத்தட்ட 10 லட்சம் ஒப்பீடுகள் வேண்டும். மரத்தைக் கட்டி முடிக்க மொத்தம் ஏறக்குறைய 50,000 கோடி ஒப்பீடுகள் ஆகும். சொற்களைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டுச் சேர்த்திருந்தால்கூட இதைவிட எவ்வளவோ நல்ல மரம் கிடைத்திருக்கும். ஒழுங்காக அடுக்கி வைத்ததுதான் இங்கே வினையாகிவிட்டது.

பிரித்துப் பிரித்து

இதற்கான மாற்று வழி எளிது. பட்டியல் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருப்பதால், நட்டநடுவில் இருப்பவர் யார் என்று தேடாமலே தெரியும். அவரை வேராக்கிவிட்டால் பாதிப் பேர் இடப்பக்கமும் பாதிப் பேர் வலப்பக்கமும் தாமாகவே பிரிந்துவிடுவார்கள். பிறகு இடப்பாதியின் நடுவரை எடுப்பது, வலப்பாதியின் நடுவரை எடுப்பது, அந்தப் பாதிகளின் பாதிகளிலும் அதையே செய்வது. ஆள் தீர்ந்துபோன பகுதியில் நிறுத்திக்கொள்வது.

பதிவேட்டிலேயே செய்து பார்க்கலாம். கணினி வழக்கப்படி இடங்களை 0 முதல் 9 வரை எண்ணுவோம். 0-ஐயும் 9-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் நாலரை. அரையை விட்டுவிட்டால் 4. அந்த இடத்தில் இருப்பவர் சரவணன், அவரே வேர்.

அவருக்கு இடப்பக்கம் 0 முதல் 3 வரை நான்கு பேர். நடு இடம் 1, இளங்கோ. இளங்கோவுக்கு இடப்பக்கம் அமுதா மட்டும். வலப்பக்கம் உமாவும் கண்ணனும். இந்த இருவரில் நடு என்று கணக்குச் சொல்வது உமாவை, கண்ணன் அவருக்கு வலப்பக்கம் தொங்குகிறார். சரவணனுக்கு வலப்பக்கம் 5 முதல் 9 வரை ஐந்து பேர். நடு இடம் 7, பாண்டியன். அவருக்கு இடப்பக்கம் தமிழ்ச்செல்வி, அவர் கீழே நந்தினி. வலப்பக்கம் மீனா, அவர் கீழே வேலு.

மரம் முடிந்தது. முதல் மட்டத்தில் ஒருவர், இரண்டாவதில் இருவர், மூன்றாவதில் நால்வர், நான்காவதில் மீதி மூவர். யாரைத் தேடினாலும் நான்கு ஒப்பீட்டுக்கு மேல் ஆகாது. எல்லோரையும் ஒருமுறை தேடிச் சராசரி பார்த்தால், சங்கிலியில் 5.5 ஒப்பீடு ஆகிறது, இந்த மரத்தில் 2.9. அந்த 10 லட்சம் சொல் அகராதியை இதே முறையில் கட்டினால் 20 மட்டங்களில் அடங்கிவிடும். ஒவ்வொரு மட்டமும் மேலே உள்ளதைப்போல் இருமடங்கு பேருக்கு இடம் தருவதால் வரும் கணக்கு இது.

எந்தக் கணுவை எடுத்துக்கொண்டாலும் அதன் இரு கிளைகளின் உயரமும் ஒரு மட்டத்துக்கு மேல் வேறுபடாவிட்டால் அந்த மரத்தை உயரச் சமநிலை உள்ள மரம் என்பார்கள். நடுவை எடுக்கும் முறை இதைத் தானாகவே காப்பாற்றுகிறது. நடுவரை எடுத்தபின் இரு பக்கத்து எண்ணிக்கையும் சமமாக இருக்கும், அல்லது ஒன்றே ஒன்று கூடுதலாக இருக்கும். ஒரே ஒரு ஆள் கூடியதால் மரம் இரண்டு மட்டம் உயர வழியில்லை.

பட்டியலில் இரட்டைப்படை எண்ணிக்கை இருந்தால் நடுவில் இருவர் நிற்பார்கள். சரவணனுக்குப் பதில் தமிழ்ச்செல்வியை வேராக்கியிருந்தாலும் மரம் சரியானதே, உருவம்தான் மாறும். வேலைக்கான நேர்காணலுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் லீட்கோட் தளத்தின் 108-ஆவது கணக்காக இதைச் சந்திப்பார்கள். தங்கள் விடை நண்பரின் விடையைப்போல் இல்லையே என்று குழம்புவதற்கு இந்த இரண்டு நடுக்கள்தான் பெரும்பாலும் காரணம்.

எட்டு வரி நிரல்

பைத்தான் மொழியில் இதை எழுதினால் இவ்வளவுதான்:

```python
def build(a, lo, hi):
    if lo > hi:
        return None
    mid = lo + (hi - lo) // 2
    node = Node(a[mid])
    node.left = build(a, lo, mid - 1)
    node.right = build(a, mid + 1, hi)
    return node
```

`lo`, `hi` இரண்டும் பட்டியலில் இப்போது பார்க்கிற பகுதியின் முதல் இடமும் கடைசி இடமும். ஒவ்வொரு பெயரும் ஒரே ஒருமுறைதான் நடுவராக எடுக்கப்படுகிறது. ஆகவே 10 லட்சம் சொல்லுக்கு 10 லட்சம் கணு, வேலையும் அந்த அளவில்தான். ஒரு ஒப்பீடுகூடச் செய்யவில்லை என்பதைக் கவனிக்கலாம். வரிசை சரி என்று நம்பியே நிரல் ஓடுகிறது.

புதிதாக எழுதுபவர்கள் சறுக்கும் இடம் `mid - 1`. அங்கே வெறும் `mid` என்று எழுதினால், ஒருவர் மட்டும் மிஞ்சிய பகுதியில் அவரே திரும்பத் திரும்ப நடுவராவார், நிரல் முடிவின்றித் தன்னையே அழைத்துக்கொண்டு கடைசியில் பிழை காட்டி நிற்கும். இன்னொரு பழக்கம், இட எண்களைத் தராமல் பட்டியலையே இரண்டாக வெட்டி அனுப்புவது. விடை சரியாகவே வரும். ஆனால் பைத்தானில் வெட்டுவது என்றால் நகலெடுப்பது. 10 லட்சம் சொல்லுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட நகல்கள் வீணாக எடுக்கப்படும்.

நடுவைக் கணக்கிடும் வரியும் சுற்றிவளைத்து எழுதியதுபோல் தெரியும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதாதா? பைத்தானில் போதும். ஜாவாவில் ஒரு `int` எண் 2147483647 வரைதான் தாங்கும். 107 கோடிக்கு மேற்பட்ட இடங்கள் உள்ள பட்டியலில் கூட்டுத்தொகை அந்த எல்லையைத் தாண்டி, எதிர்மறை எண்ணாகப் புரண்டுவிடும். ஜாவாவோடு வரும் தேடல் நிரலிலேயே இந்தப் பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-ல் அதை விளக்கி எழுதினார்.

மரம் நேராக, தேடல் கோணலாக

மரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பலர் செய்வது, இடமிருந்து வலமாக எல்லாக் கணுக்களையும் அச்சிட்டுப் பார்ப்பது. பெயர்கள் அகர வரிசையில் வந்தால் திருப்தி. ஆனால் சரிந்த சங்கிலியை அச்சிட்டாலும் அதே வரிசைதான் வரும். சமநிலையைச் சோதிக்க உயரத்தைத் தனியே அளக்க வேண்டும்.

உயரம் சரியாக இருந்தும் தேடல் தோற்கலாம். தமிழ்ச் சொற்களில் அது எளிதாக நேரும். மரம், மலர், மறம், மனம் என்ற நான்கு சொற்களும் தமிழ் அகராதி வரிசையில் உள்ளன. ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதுதான் நம் நெடுங்கணக்கு. யூனிகோடு எண்களின் வரிசை வேறு. அங்கே ன முதலில் வருகிறது, பிறகு ர, ற, ல. சாதாரணமாக இரு சொற்களை ஒப்பிடச் சொன்னால் நிரல் மொழிகள் இந்த எண்களைத்தான் பார்க்கும்.

அகராதி வரிசையை அப்படியே கொடுத்து மரம் கட்டினால் வேர் "மலர்". இடப்பக்கம் "மரம்", வலப்பக்கம் "மறம்", அதற்குக் கீழே "மனம்". மூன்றே மட்டம், சமநிலையில் குறையில்லை. இப்போது "மனம்" எங்கே என்று கேட்டால், யூனிகோடு கணக்கில் அது "மலர்" என்பதற்கு முந்தியது, ஆகவே இடப்பக்கம் போகச் சொல்கிறது. அங்கே "மரம்" என்பதற்கும் முந்தியது, மறுபடி இடப்பக்கம். அங்கே ஒன்றுமில்லை. மரத்தில் இருக்கிற சொல்லை இல்லை என்று சொல்லிவிடுகிறது நிரல், "மறம்" என்ற சொல்லுக்கும் இதே கதி. எந்தப் பிழைச் செய்தியும் வராது. கட்டியபின் பட்டியலின் ஒவ்வொரு சொல்லையும் மரத்தில் தேடிப் பார்ப்பதுதான் இதைப் பிடிக்கும் வழி.

ஜாவாவின் `TreeMap` இந்த இடத்தில் உஷாராக இருக்கிறது. ஏற்கெனவே அடுக்கிய தொகுப்பு ஒன்றை வெறும் `TreeMap`-இல் மொத்தமாகக் கொட்டும்போது, அது உள்ளுக்குள் `buildFromSorted` என்ற நிரலை அழைத்து, நடுவை வேராக்கும் இதே முறையில் மரத்தைக் கட்டுகிறது. கட்டும்போதே, நிரம்பாத கடைசி மட்டத்துக் கணுக்களுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குக் கறுப்பும் பூசிவிடுகிறது. பின்னால் புதுப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்போது மரம் மறுபடி சரியாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அந்த நிறங்கள். நடுவை எடுக்கும் முறைக்கு அந்த வேலை தெரியாது, கட்டிக் கொடுப்பதோடு அதன் பங்கு முடிந்தது.

அந்தக் குறுக்குவழியில் இறங்குமுன் `TreeMap` ஒரு கேள்வி கேட்கிறது: வருகிற தொகுப்பை அடுக்கிய ஒப்பீட்டு விதியும் தன்னுடைய விதியும் ஒன்றுதானா? ஒன்றாக இல்லையென்றால், எத்தனை லட்சம் சொல் இருந்தாலும் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் மெதுவான வழிக்கே திரும்பிவிடுகிறது.