‘ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க் லேட்’: பிழை எங்கே இருக்கிறது?

‘ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க் லேட்.’ வேலைக்கான நேர்காணல்களில் அடிக்கடி காதில் விழும் ஆங்கில வாக்கியம் இது. இரவு வெகுநேரம் வேலை பார்ப்பது தனக்குப் புதிதல்ல என்று சொல்லவே பேசுபவர் விரும்புகிறார். ஆனால் இந்த வாக்கியத்தில் இரண்டு வேறு அமைப்புகள் பாதிப் பாதியாக ஒட்டியிருக்கின்றன. முன்பாதி, ஒன்றுக்குப் பழகியிருப்பதைச் சொல்லும் அமைப்பு. பின்பாதி, முன்பு செய்து இப்போது விட்டுவிட்டதைச் சொல்லும் அமைப்பு. ‘ஆம்’ என்பதை எடுத்துவிட்டால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகிவிடும்; பொருள் தலைகீழாகிவிடும். ‘ஒர்க்’ என்பதை ‘ஒர்க்கிங்’ என்று மாற்றினால் வாக்கியமும் சரி, நினைத்த பொருளும் சரி.

ஒரே ஆளை நான்கு கட்டங்களில் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சென்னையில் ஒரு பெண் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான நைட் ஷிஃப்ட் வேலையில் ஜூன் மாதம் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கண் செருகுகிறது. ‘ஐ ஆம் நாட் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்’ என்கிறார். இரவில் வேலை பார்த்துப் பழக்கமில்லை. ஆகஸ்டில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு ஒத்துழைக்கிறது. ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு இட்’, பழகிக்கொண்டு வருகிறது. அடுத்த ஆண்டு அது ஒரு பொருட்டே இல்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்’; பழகிவிட்டது. பிறகு பகல் வேலைக்கு மாறிவிடுகிறார். இப்போது பழைய நாள்களைப் பற்றிப் பேசும்போது ‘ஐ யூஸ்டு டு ஒர்க் அட் நைட்’ என்கிறார். முன்பெல்லாம் இரவில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை.

முதல் மூன்றும் ஒரு குடும்பம். பழக்கமில்லாமை, பழகுதல், பழகிய நிலை என்று ஒரே விஷயத்தின் மூன்று படிகளையே அவை சொல்கின்றன. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ போன்றவை வந்தால் நிலை. ‘கெட்’, ‘காட்’, ‘கெட்டிங்’ வந்தால் மாற்றம். காலத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ‘ஐ வாஸ் யூஸ்டு டு இட்’ என்று இறந்தகாலத்திலும் ‘யூ வில் கெட் யூஸ்டு டு இட்’ என்று எதிர்காலத்திலும் சொல்லலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறுதல் சொல்லும்போது ஆங்கிலேயர் வாயில் முதலில் வருவது இந்தக் கடைசி வாக்கியம்தான். நான்காவது மட்டும் தனிக் குடும்பம். அதற்கு இறந்தகாலம் ஒன்றுதான் உண்டு.

இரண்டு குடும்பங்களையும் பிரிப்பது ‘டு’ என்ற சிறு சொல். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இங்கே இரண்டு வேறு ‘டு’க்கள் இருக்கின்றன. ‘ஐ யூஸ்டு டு ஒர்க்’ என்பதில் வரும் ‘டு’, பின்னால் வரும் வினைச்சொல்லைச் சேர்ந்தது. ‘ஐ வான்ட் டு ஒர்க்’ என்பதில் வருவதும் அதுவே. அதன் பின்னால் வினையின் மூலவடிவம்தான் வரும். ‘ஐ ஆம் யூஸ்டு டு’ என்பதில் வரும் ‘டு’ அப்படியல்ல. அது நம் நான்காம் வேற்றுமை உருபான ‘கு’வின் வேலையைச் செய்கிறது. ‘குளிருக்குப் பழகிவிட்டேன்’, ‘இந்த ஊர்த் தண்ணீருக்குப் பழகிவிட்டேன்’ என்கிறோம் அல்லவா, அந்தக் ‘கு’.

‘கு’ பெயர்ச்சொல்லோடுதான் சேரும். ‘குளிருக்கு’ என்று சொல்லலாம். ‘செய்’ என்ற வினைப்பகுதியோடு நேரே ‘கு’வை ஒட்ட முடியாது. ஒட்ட வேண்டுமென்றால் அதை முதலில் பெயராக்கி, ‘செய்வதற்கு’ என்று சொல்ல வேண்டும். ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. ‘ஒர்க்’ என்ற வினையோடு ‘இங்’ சேர்த்து, தமிழ் இலக்கணம் தொழிற்பெயர் என்று சொல்லும் வடிவமாக்கி, அதன்பிறகே இந்த ‘டு’வுக்குப் பின்னால் வைக்கிறது. ஐயம் வந்தால் ‘டு’வுக்குப் பிறகு ‘இட்’ என்ற சொல்லைப் போட்டுப் பார்க்கலாம். ‘ஐ ஆம் யூஸ்டு டு இட்’ என்பது பொருள் தருகிறது. ஆகவே அங்கே பெயர்ச்சொல்லுக்கு இடமுண்டு, வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘முன்பெல்லாம்’ என்ற பொருளில் ‘ஐ யூஸ்டு டு இட்’ என்று சொன்னால் ஒன்றும் விளங்காது. ஆகவே அங்கே ‘இங்’குக்கு இடமில்லை. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு’ என்று கடிதம் முடிக்கும் இடத்திலும் இதே சோதனை பொருந்தும். அங்கே ‘மீட்டிங் யூ’ என்று எழுத வேண்டியதை ‘மீட் யூ’ என்று எழுதிவிடுவதற்குக் காரணமும் இந்த இரண்டு ‘டு’க்களின் குழப்பமே.

‘கு’ என்ற உருபு தமிழிலேயே இருந்தும் தமிழர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்? ‘பழகு’ என்ற வினை தமிழில் இன்னொரு வழியிலும் நடப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ‘காரோட்டப் பழகினேன்’, ‘நீந்தப் பழகினேன்’ என்று செய வாய்பாட்டு எச்சத்தோடும் அது சேரும். அந்த ‘ஓட்ட’, ‘நீந்த’ என்பவற்றை நாம் ‘டு டிரைவ்’, ‘டு ஸ்விம்’ என்றே பெயர்த்துப் பழகியிருப்பதால், ‘செய்யப் பழகியிருக்கிறேன்’ என்பது ‘யூஸ்டு டு ஒர்க்’ என்று வந்து நிற்கிறது. ஆனால் ‘காரோட்டப் பழகினேன்’ என்பதன் பொருள் கற்றுக்கொண்டேன் என்பது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஐ லேர்ன்ட் டு டிரைவ்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஐ காட் யூஸ்டு டு டிரைவிங்’ என்றால், வண்டி ஓட்டுவதில் முதலில் இருந்த கூச்சமோ சிரமமோ போய்விட்டது என்று பொருள். இரண்டும் வேறு அனுபவங்கள்.

குழப்பத்தைக் கூட்டுவதற்கு மூன்றாவதாக ஓர் அமைப்பும் உண்டு. ‘எ நைஃப் இஸ் யூஸ்டு டு கட் வெஜிடபிள்ஸ்’ என்ற வாக்கியத்தில் ‘இஸ்’ இருக்கிறது, ‘யூஸ்டு டு’ இருக்கிறது, பின்னால் ‘கட்’ என்று வெறும் வினையும் இருக்கிறது. இது சரியான வாக்கியம். இங்கே பழக்கம் என்ற பேச்சே இல்லை. காய் நறுக்கக் கத்தி பயன்படுத்தப்படுகிறது என்ற செயப்பாட்டு வினை இது. கட்டுரையின் தலைப்பில் உள்ள வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து இலக்கணப்படி படித்தால் கிடைப்பதும் இந்தப் பொருள்தான்: ‘இரவு வெகுநேரம் வேலை பார்க்க நான் பயன்படுத்தப்படுகிறேன்.’ கேட்பவர் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தில் வெறும் வினை வந்தால் ஆங்கிலம் தரும் பொருள் இதுவே.

பேச்சில் இந்த மூன்றாவது அமைப்பை ஒலியை வைத்தே பிரித்துவிடலாம். கத்தி வாக்கியத்தில் வரும் ‘யூஸ்டு’வின் நடு ஒலி, ‘ஜீப்ரா’ என்ற சொல்லின் முதலில் ஆங்கிலேயர் எழுப்பும் அதிரும் ஒலி. தொண்டையில் விரலை வைத்துச் சொன்னால் அதிர்வு தெரியும். பழக்கத்தைச் சொல்லும் இரண்டு குடும்பங்களிலும் அந்த அதிர்வு இருக்காது. ‘பஸ்’ என்பதன் இறுதியில் வரும் ‘ஸ்’தான் வரும். பின்னால் வரும் ‘டு’வின் முதல் ஒலி அதிர்வில்லாதது. அது முன்னால் உள்ள ஒலிகளையும் தன்னைப் போலாக்கி, ‘யூஸ்டு’, ‘டு’ இரண்டையும் ‘யூஸ்ட்டு’ என்று ஒரே சொல்லாக்கிவிட்டது. கட்டாயத்தைச் சொல்லும் ‘ஹேவ் டு’, வேகப் பேச்சில் ‘ஹாஃப்டு’ என்று ஒலிப்பதும் இதே மாற்றம்.

பழக்கத்தைச் சொல்லும் இரு குடும்பங்களுக்கும் ஒலி ஒன்றே என்பதால், அவற்றைப் பேச்சில் பிரித்துக் காட்டுவது முன்னால் வரும் ‘ஆம்’மும் பின்னால் வரும் ‘இங்’கும் மட்டுமே. நேர்காணல் அவசரத்தில் ‘ஐ ஆம்’ என்பது ‘ஐம்’ என்று சுருங்கி, அந்த ‘ம்’மும் கரைந்துவிடுவது எளிது. ‘இங்’கும் இல்லையென்றால் எதிரில் இருப்பவர் காதில் விழுவது ‘ஐ யூஸ்டு டு ஒர்க் லேட்’. முன்பெல்லாம் நேரம் பார்க்காமல் உழைத்தேன், இப்போது இல்லை. நேர்காணலில் சொல்ல விரும்பியதற்கு நேர் எதிரான பதில் இது. ‘இங்’கைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், ‘ம்’ விழுங்கப்பட்டாலும் பொருள் தப்பிவிடும்.

‘யூஸ்டு டு’ தனியாக வரும் இடத்தில் இந்திய ஆங்கிலத்துக்கென்றே ஒரு வழக்கு இருக்கிறது. ‘ஐ யூஸ்டு டு கோ டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே’ என்று ஒருவர் சொல்கிறார். வெள்ளிதோறும் கோயிலுக்குப் போவது வழக்கம் என்பதே அவர் கருத்து. சென்ற வெள்ளியும் போனார், வரும் வெள்ளியும் போவார். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இதைக் கேட்பவர், கோயிலுக்குப் போவதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கக்கூடும். ‘போவது வழக்கம்’, ‘போவதுண்டு’ என்ற தமிழ்த் தொடர்கள் இன்றைக்கும் பொருந்தும், அன்றைக்கும் பொருந்தும். ‘யூஸ்டு டு’ அன்றைக்கு மட்டுமே பொருந்தும். நடப்பு வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஐ கோ’ என்ற எளிய நிகழ்காலமே போதும். வேண்டுமானால் ‘யூஷுவலி’ சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வழக்கைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. ‘யூஸ்’ என்ற வினைக்கு ‘வழக்கமாகச் செய்’ என்ற பொருளும், அந்தப் பொருளில் நிகழ்கால வடிவமும் ஒரு காலத்தில் ஆங்கிலத்திலேயே இருந்தன. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தின் 119ஆம் சங்கீதத்தில் அந்த நிகழ்கால வடிவத்தைப் பார்க்கலாம். பின்னால் அது வழக்கொழிந்து, இறந்தகால வடிவம் மட்டும் தங்கிவிட்டது.

தங்கிய வடிவத்துக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. எவ்வளவு காலம், எத்தனை முறை என்று கணக்குச் சொல்லும்போது அது வராது. ‘மதுரையில் ஐந்து வருடம் இருந்தேன்’ என்பதற்கு ‘ஐ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. அங்கே ‘யூஸ்டு டு லிவ்’ பொருந்தாது. கணக்கை விட்டுவிட்டு, முன்பு மதுரையில் இருந்தேன் என்று மட்டும் சொல்லும்போது அது தாராளமாக வரும்.

இரண்டாவது, கேள்வியிலும் மறுப்பிலும் வருவது. அங்கே ‘டிட்’ இறந்தகாலத்தை ஏற்றுக்கொள்வதால், எழுத்தில் ‘யூஸ்டு’வின் கடைசியில் உள்ள ‘டி’ எழுத்து விழுந்துவிட வேண்டும் என்கின்றன பாடநூல்கள். ‘டிட் யூ யூஸ் டு ஒர்க் அட் நைட்?’, ‘ஐ டிட்ன்ட் யூஸ் டு ஒர்க் அட் நைட்’. காதுக்கு இரண்டும் ஒன்றே என்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அந்த ‘டி’யை விட்டுவைத்து எழுதிவிடுவதுண்டு. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘டி’ இல்லாமல் எழுதுவதே பாதுகாப்பு. ஆனால் ‘ஆர் யூ யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்?’ என்ற கேள்வியில் ‘டிட்’ இல்லை. அங்கே அந்த எழுத்து ஒருபோதும் விழாது.