பிபிடியிலிருந்து வினாத்தாள் வரை

அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் யாரைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார்: 2 மதிப்பெண் கேள்வி 10, 13 மதிப்பெண் கேள்வி 5, கடைசியில் 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. யூனிட்டுக்கு இரண்டு சிறிய கேள்வி, ஒரு பெரிய கேள்வி என்று வைத்தால் ஐந்து யூனிட்டுக்கும் தலா 17 மதிப்பெண் விழும். கேள்விகளை எழுதுவதற்கு முன்பே எந்தப் பகுதிக்கு எவ்வளவு, எந்த வகையில் எத்தனை என்று வகுத்துக்கொள்ளும் இந்தக் கட்டத்தைத்தான் ஆசிரியர்கள் ப்ளூபிரிண்ட் என்கிறார்கள்.

பருவத் தேர்வுக்குப் பல்கலைக்கழகமே இதை வகுத்துவிடுகிறது. வகுப்பில் நடக்கும் இன்டர்னல் தேர்வுக்கு ஆசிரியர்தான் போட்டாக வேண்டும். பாடம் நடத்திய பிபிடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும்போதுதான் முதல் சறுக்கல் காத்திருக்கிறது: ஸ்லைடுகளை எண்ணி மதிப்பெண்ணைப் பிரிப்பது.

ஒரு டேட்டாபேஸ் பாடத்தை வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 150 ஸ்லைடு, 30 மணி நேர வகுப்பு, 50 மதிப்பெண் தேர்வு. அறிமுகப் பகுதியில் படங்களும் வரலாறுமாக 40 ஸ்லைடு. நடத்தியது 4 மணி நேரம். எஸ்.க்யூ.எல். பகுதியில் 25 ஸ்லைடுதான். ஆனால் மாணவர்கள் கம்ப்யூட்டரில் எழுதிப் பார்த்துப் பழகியதால் 10 மணி நேரம் பிடித்தது. ஸ்லைடு கணக்கில் அறிமுகத்துக்கு 13, எஸ்.க்யூ.எல்-க்கு 8. வகுப்பு நேரக் கணக்கில் அறிமுகத்துக்கு 7, எஸ்.க்யூ.எல்-க்கு 17. பாடத்தின் உயிர்நாடி எது என்பதை இரண்டாவது கணக்குதான் காட்டுகிறது.

ஈ.ஆர். வரைபடத்துக்கும் நார்மலைசேஷனுக்கும் தலா 6 மணி நேரம்; ஆளுக்கு 10 மதிப்பெண். டிரான்சாக்‌ஷனுக்கு 4 மணி நேரம்; 7 மதிப்பெண். முழு எண்ணாக்கியதில் கூட்டுத்தொகை 51 ஆகிவிடும். மிகுந்த ஒன்றை அறிமுகத்தில் கழித்து அதை 6 ஆக்கினால் சரியாக 50.

அடுத்து, ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும் கேள்வி வகைகளாக உடைக்க வேண்டும்.

| பகுதி | 1 மதிப்பெண் | 2 மதிப்பெண் | 5 மதிப்பெண் | மொத்தம் |
|---|---|---|---|---|
| அறிமுகம் | 2 | 2 | – | 6 |
| ஈ.ஆர். வரைபடம் | 1 | 2 | 1 | 10 |
| எஸ்.க்யூ.எல். | 3 | 2 | 2 | 17 |
| நார்மலைசேஷன் | 1 | 2 | 1 | 10 |
| டிரான்சாக்‌ஷன் | 3 | 2 | – | 7 |
| கேள்விகள் | 10 | 10 | 4 | 50 |

நேரத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு மதிப்பெண் கேள்விக்கு 1 நிமிடம், இரண்டுக்கு 3, ஐந்துக்கு 10 என்று வைத்தால் 80 நிமிடம். ஒன்றரை மணி நேரத் தேர்வில் வாசிக்கவும் சரிபார்க்கவும் 10 நிமிடம் மிஞ்சும்.

எண்கள் பொருந்திவிட்டாலும் வேலை முடியவில்லை. எதைச் சோதிக்கிறோம் என்பது பாக்கி இருக்கிறது. பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-ல் கற்றலை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். சிறிய தேர்வுக்கு அவற்றில் மூன்றே போதும்: நினைவில் வைத்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல். ஸ்லைடுகள் வரையறைகளால் நிறைந்திருப்பதால், அவற்றை மட்டும் பார்த்துக் கேள்வி எழுதினால் எல்லாமே ‘வரையறு’ என்று ஆகிவிடும். நார்மலைசேஷனின் 5 மதிப்பெண்ணை ‘இரண்டாம் நார்மல் வடிவம் என்றால் என்ன?’ என்று கேட்டுச் செலவழித்தால் மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். அதற்குப் பதிலாக மாணவர் எண், பாடக் குறியீடு, பாடப்பெயர், மதிப்பெண் என நான்கு நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணையைக் கொடுக்கலாம். மாணவர் எண்ணும் பாடக் குறியீடும் சேர்ந்ததுதான் அதன் சாவி. ஆனால் பாடப்பெயர் பாடக் குறியீட்டை மட்டுமே சார்ந்திருக்கிறது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்தால் 2, அட்டவணையைச் சரியாகப் பிரித்தால் 3. வகுப்பில் கற்றதைக் கையாளத் தெரிகிறதா என்பது இதில்தான் தெரியும்.

‘அல்லது’ கேள்வி கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். எஸ்.க்யூ.எல். கேள்விக்கு மாற்றாக டிரான்சாக்‌ஷன் கேள்வி வைத்தால், அதைத் தேர்ந்தெடுத்த மாணவரின் தாளில் 17 மதிப்பெண் 12 ஆகச் சுருங்கிவிடும். இரு தேர்வுகளும் ஒரே பகுதியாகவும் ஒரே படியாகவும் இருந்தால்தான் எல்லோரும் எழுதுவது ஒரே தேர்வாகும்.

வினாத்தாள் தயாரானதும், ப்ளூபிரிண்டைப் பார்க்காத சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கட்டத்தில் வரும் என்று நிரப்பச் சொல்லலாம். எஸ்.க்யூ.எல். வரிசையில் அவருக்கு 12 மட்டுமே வந்தால், ஒரு 5 மதிப்பெண் கேள்வி இடம் மாறியிருக்கிறது. நூலகத்துக்கு அட்டவணைகளை வடிவமைத்து வினவல் எழுதச் சொல்லும் கேள்வியை அவர் ஈ.ஆர். பகுதியில் சேர்த்திருக்கக்கூடும். அட்டவணைகளை ஆசிரியரே கொடுத்துவிட்டு வினவலை மட்டும் கேட்டால் அது எஸ்.க்யூ.எல். வரிசைக்கே திரும்பிவிடும்.