ஆட்ட அட்டவணையும் சிறுவனின் முகமும்

பெங்களூரில் அல்சூரை அடுத்த கௌதமபுரத்தின் வழியே சென்றவர்கள் அங்கே பெலேயின் சிலை நிற்பதைப் பார்த்திருப்பார்கள். புதியவர்களுக்கு அது வியப்பாக இருக்கும். பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ அது பழகிப்போன காட்சி. கால்பந்து அந்தப் பகுதியில் பொழுதுபோக்கு மட்டுமன்று; பலருடைய வீட்டுப் பேச்சே அதுதான். 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர் என்பதை அங்குள்ள முதியவர்கள் தம் சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

அந்தப் பகுதியை ஒட்டிய ஒரு சிறு கால்பந்துச் சங்கத்தில் சில ஆண்டுகள் நான் காரியதரிசியாக இருந்தேன். பதினான்கு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களின் ஆறு அணிகளுக்குள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு லீக் பந்தயம் நடத்துவோம். அணிக்கு அணி ஒரு முறை மோதுவது என்றால் பதினைந்து ஆட்டங்கள். ஞாயிறுக்கு மூன்றாக ஐந்து ஞாயிறுகளில் முடிந்துவிடும். முன்பெல்லாம் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி டீக்கடை வாசலில் சாத்தி வைப்போம். மழை வந்தால் அது அழிந்துவிடும். பிறகு எங்கள் இளைஞர் ஒருவர் சங்கத்துக்கென ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் வரப்போகும் ஆட்டங்கள், ஒரு பக்கத்தில் முடிவுகளும் புள்ளிகளும், ஒரு பக்கத்தில் ஆட்டக்காரர்களின் புகைப்படங்கள். கரும்பலகையில் இருந்ததைத்தானே இங்கும் போடுகிறோம் என்று நாங்கள் எண்ணினோம். அந்த எண்ணம் எங்கே தவறியது என்பதையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஓர் அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, நான்கு வீடுகளில் வேலை செய்து மகனைப் படிக்க வைப்பவர். மகன் எங்கள் அணி ஒன்றின் கோல்காப்பாளன். “சார், என் பையன் படத்தை அதுலேருந்து எடுத்துடுங்க சார். ஏன்னு கேக்காதீங்க” என்றார். நான் கேட்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் கேட்டேன். நீங்கள்தானே படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்றும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

படிவத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. சேர்க்கைப் படிவம் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கட்டணம், இரத்த வகை, முகவரி எல்லாவற்றுக்கும் அடியில், புகைப்படங்களைச் சங்கம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு வரி. அந்த அம்மாளுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். மகன் விளையாட வேண்டும் என்பதற்காக, காட்டிய இடத்தில் பெயரெழுதினார். அதை நாங்கள் சம்மதம் என்று கோப்பில் வைத்திருந்தோம்.

படம் எடுத்த எடுப்பில் அப்படியொன்றும் தீங்கானதாகத் தெரியாது. சிறுவன் பந்தைப் பிடித்தபடி நிற்கிறான். கீழே அவனுடைய முழுப் பெயர். அதே தளத்தின் இன்னொரு பக்கத்தில் அவனுடைய அணி அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு எந்த மைதானத்தில் ஆடப்போகிறது என்று இருக்கிறது. அட்டவணை தனியாக யாரையும் காட்டிக்கொடுக்காது. முகமும் தனியாக அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. முகம், பெயர், வரப்போகும் இடமும் நேரமும் ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால், ஊரில் எங்கோ இருப்பவர் ஒருவர் அந்தச் சிறுவன் ஞாயிறு காலை எங்கே நிற்பான் என்பதைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கரும்பலகையை டீக்கடைக்கு வருபவர்தாம் பார்த்தார்கள். இதையோ பெயரைத் தட்டித் தேடுபவர் எவரும் பார்க்கலாம். அந்த அம்மாள் கணவரிடமிருந்து அஞ்சி ஓடி வந்தவர் என்பதைப் பல மாதங்களுக்குப் பின் வேறொருவர் வாயிலாக அறிந்தேன். அன்றிரவே படத்தை நீக்கியது நல்லதாயிற்று. ஆயினும் அவரைக் காரணம் கேட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

வெளியூர்களில் வாழும் நம்மவரிடையே இத்தகைய குடும்பங்கள் அரியவை அல்ல. கடனுக்கு அஞ்சி வந்தவர்கள் உண்டு. வீட்டார் விருப்பத்துக்கு மாறாக மணம் புரிந்து வந்தவர்கள் உண்டு. அவர்கள் சங்கத்தின் செயலாளரிடம் வந்து தம் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆகையால் “வேண்டாம்” என்ற சொல்லைக் காரணமின்றி ஏற்கும் ஏற்பாடே முதலில் வேண்டியது.

இதில் சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் என்பது கட்டாயமின்றி, இன்னதற்கென்று குறிப்பாக, விவரம் அறிந்து அளிக்கப்பட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் யாவரும் அச்சட்டத்தின் கண்ணில் குழந்தைகளே. அவர்களுக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ சரிபார்க்கத்தக்க முறையில் சம்மதம் தர வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் அளிக்க வேண்டும். அந்த மொழிகளுள் தமிழும் ஒன்று. பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழ்த் தாய்க்கு இது பொருந்தும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் சொல். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் பற்றிய கடமைகளுக்கு அவை 18 மாத அவகாசம் அளித்தன. நல்ல சங்கம் அந்த அவகாசம் முடியும்வரை காத்திராது என்பது என் எண்ணம்.

எங்கள் படிவத்தை நாங்கள் மாற்றி எழுதினோம். சேர்க்கைத் தாளிலிருந்து அதைப் பிரித்துத் தனித் தாளாக்கினோம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்டோம். குழுப் படத்தில் இருக்கலாமா, தனிப்படம் போடலாமா, முடிவுகளில் முதற்பெயர் குறிப்பிடலாமா என மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். எந்தக் கட்டத்திலும் முன்கூட்டியே குறி இடுவதில்லை. மூன்றுக்கும் இல்லை என்றாலும் பையன் ஆடலாம் என்பதைப் பெரிய எழுத்தில் முதலிலேயே போட்டோம். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்றவையெல்லாம் வீண். ஏனெனில் ஆட்டத்துக்கு விலையாகக் கேட்கும் சம்மதம் சம்மதமாகாது. ஒருமுறை வெளியான படத்தை வேறொருவர் சேமித்துக்கொண்டால் எங்களால் மீட்க இயலாது என்பதையும் மறைக்காமல் எழுதினோம். அதைப் படித்துவிட்டு இரண்டு பெற்றோர் தனிப்படத்துக்கு மறுத்தார்கள். படிவம் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

தளத்தையும் திருத்தினோம். இங்கிலாந்தின் விளையாட்டு அமைப்புகள் பல காலமாகச் சொல்லிவரும் ஒரு வழக்கம் உண்டு: குழந்தையின் படம் போட்டால் பெயர் போடாதே, பெயர் போட்டால் படம் போடாதே. அதையே நாங்களும் கொண்டோம். சிறுவர் ஆட்டங்களின் அட்டவணையில் தேதியும் அணிப் பெயர்களும் மட்டும். மைதானமும் நேரமும் பெற்றோரின் கைபேசிக்குத் தனியே போகும். முடிவுகளில் அணிகளின் கோல் எண்ணிக்கை. கோல் அடித்தவனின் முதற்பெயர், அதுவும் சம்மதம் இருந்தால். ஒன்பது கோல் வாங்கிய கோல்காப்பாளனின் பெயரும், தன் வலைக்குள்ளேயே பந்தை உதைத்தவனின் பெயரும் எந்நாளும் இல்லை. பத்திரிகை நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்குப் பதின்மூன்று வயதில் பிள்ளை இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கைபேசிக் காமிராவில் இட அறிதலைத் திறந்து வைத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் நேரமும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. செய்திச் செயலிகளில் படமாக அனுப்பும்போது பெரும்பாலும் அவை நீங்கிவிடும். தரம் குறையக் கூடாதென்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே கூட வரும். எங்கள் புகைப்படக்காரர் ஆவணமாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். சோதிப்பது எளிது: கைபேசியில் படத்தைத் திறந்து அதன் விவரங்களைப் பாருங்கள், ஒரு நிலப்படமும் அதில் ஒரு புள்ளியும் தெரிந்தால் இடம் உள்ளே இருக்கிறது. காமிரா அமைப்பில் இட அறிதலை நிறுத்திவிடுவது நிலையான வழி. கோப்பின் பெயராகச் சிறுவனின் பெயரை வைப்பதும் அதே வகைப் பிழைதான்.

நீக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை இரவு பக்கத்திலிருந்து படத்தை எடுத்ததோடு வேலை முடிந்ததென்று படுத்தேன். மறுநாள் பார்த்தால் முகப்புப் பக்கத்தில் அதன் சிறுவடிவம் இருக்கிறது. சேமிப்புக் கோப்பகத்தில் மூலப்படம் இருக்கிறது. அதன் முகவரியைத் தட்டினால் இன்னும் திறக்கிறது. அவற்றையும் அழித்த பிறகு, கூகிள் தேடலில் பழைய படம் தோன்றிக்கொண்டே இருந்தது. நீக்கப்பட்ட பக்கத்தைத் தேடல் முடிவிலிருந்து அகற்றுமாறு கேட்பதற்கு அந்நிறுவனமே ஒரு விண்ணப்ப வழி வைத்திருக்கிறது; அதையும் செய்தோம். இப்போது யாரேனும் நீக்கச் சொன்னால், பக்கம், சிறுவடிவம், மூலம், தேடல் என்ற வரிசையில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடுகிறார்.

கடினமான கேள்வி இறுதி ஆட்டத்தன்று வந்தது. கோல்காப்பாளனின் அணியே கோப்பையை வென்றது. குழுப்படம் வேண்டும், அவன் அதில் இருக்கக் கூடாது, அவனை மட்டும் ஒதுங்கி நிற்கச் சொல்லவும் மனம் வரவில்லை. சம்மதம் இல்லாதவர்களுக்குத் தனி நிற மேலாடை கொடுக்கலாம் என்றார் ஓர் அங்கத்தினர். அப்படிச் செய்தால் எல்லோருக்கும் அவர்கள் யாரென்று தெரிந்துவிடும். கடைசியில் புகைப்படக்காரர் கோல் கம்பத்தின் பின்னால் போய் நின்றார். சிறுவர்கள் தோளோடு தோள் கைபோட்டு, அவருக்கு முதுகு காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். நடுவில் தலைக்கு மேல் கோப்பை. முதுகில் இருந்த எண்களையும் யோசித்தோம். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் அதுவரை தளத்தில் இருந்தது; அதை முதலில் எடுத்துவிட்டுப் பிறகுதான் படத்தைப் போட்டோம்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் அதன் பிரதி ஒன்று அச்சிட்டுத் தர முடியுமா என்று கேட்டு அனுப்பினார். இரண்டு பிரதிகள் கொடுத்தோம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் புதிய படிவம் வழங்குகிறோம். மூன்று கட்டங்களிலும் அவர் இன்றுவரை இல்லை என்றே குறிக்கிறார்.