ஒரு மணி நேர வேலைக்கு ஏழு நிமிட விடுப்பு

பிரித்தானியாவில் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் ஷிஃப்ட் பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு, அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்பது ரோட்டா வந்த பிறகுதான் தெரியும். இந்த வாரம் 10 மணி நேரம் என்றால் அடுத்த வாரம் 35 ஆகலாம். இப்படி வேலை செய்பவர் விடுப்புச் சம்பளம் கேட்டால், "உனக்குத்தான் நிரந்தரமான மணி கிடையாதே, பிறகு எப்படி ஹாலிடே?" என்ற பதில் வருகிறது. கேட்பதற்கு நியாயம்போல இருக்கும் இந்தப் பதில் சட்டப்படி தவறு. பகுதி நேரமோ, ஜீரோ அவர்ஸ் ஒப்பந்தமோ, மாணவர் விசாவில் செய்யும் வேலையோ, முதல் நாளிலிருந்தே சம்பளத்துடன் கூடிய விடுப்பு சேரத் தொடங்கிவிடுகிறது.

எவ்வளவு சேர்கிறது என்பதில் முன்பு குழப்பம் இருந்தது. 2024 ஏப்ரல் 1ஆம் தேதியன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் விடுப்பு ஆண்டுகளுக்கு அது தீர்ந்துவிட்டது. ஒப்பந்தப்படி ஒவ்வொரு சம்பளக் காலத்திலும் மணிகள் முழுவதுமாகவோ பெரும்பாலுமோ மாறிக்கொண்டே இருப்பவருக்கு, உழைத்த நேரத்தில் 12.07 சதவீதம் விடுப்பாகச் சேர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம். அந்தச் சம்பளக் காலத்தின் கடைசி நாளில் அது உங்கள் கணக்கில் ஏறுகிறது.

இந்த 12.07 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. ஆண்டுக்கு 52 வாரங்கள். அனைவருக்கும் உரிய சட்டபூர்வ விடுப்பு 5.6 வாரங்கள். அதைக் கழித்தால் உழைக்கும் வாரங்கள் 46.4. இந்த 46.4 வார உழைப்புக்குத்தான் 5.6 வார விடுப்பு. ஆகவே 5.6ஐ 46.4ஆல் வகுக்க வேண்டும். 52ஆல் வகுத்து 10.77 சதவீதம் கொடுத்தால், விடுப்பு எடுக்கும் வாரங்களையும் உழைத்த வாரங்களாகக் கணக்கிட்டு உங்கள் பங்கைக் குறைத்துவிட்டார்கள் என்று பொருள்.

ஓர் உதாரணம். மணிக்கு 13 பவுண்டு சம்பளத்தில் ஒரு கடையில் வேலை செய்யும் இளங்கலை மாணவி. கடையின் விடுப்பு ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, சம்பளம் மாதாமாதம். ஏப்ரலில் அவர் 62 மணி நேரம் உழைக்கிறார். 12.07 சதவீதம் என்றால் 7.48 மணி. மிச்சம் அரை மணிக்குக் குறைவாக இருந்தால் கழிந்துவிடும், அரை மணியோ அதற்கு மேலோ இருந்தால் முழு மணியாகும் என்பது விதி. எனவே ஏப்ரலுக்கு 7 மணி. மே மாதம் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்ததால் 45 மணி நேர வேலைதான். விடுப்பு 5 மணி. ஜூனில் 96 மணி நேரம், 11.59 வருகிறது, அது 12 ஆகிறது. கோடை விடுமுறையான ஜூலையில் 150 மணி நேரம். விடுப்பு 18 மணி. நான்கு மாதத்தில் சேர்ந்த விடுப்பு 42 மணி. எட்டு மணி நேர ஷிஃப்ட் ஐந்துக்கு விடுப்பு எடுத்தும் இரண்டு மணி நேரம் மிஞ்சும். பணமாகப் பார்த்தால் 546 பவுண்டு. "உனக்கு ஹாலிடே இல்லை" என்ற ஒரு வாக்கியத்தின் விலை அது.

வாரச் சம்பளக்காரர்கள் முழு மணியாக்கும் விதியைக் கவனிக்க வேண்டும். வாரம் 12 மணி நேரம் உழைப்பவருக்கு 1.45 மணி சேர்கிறது. அது 1 மணியாகச் சுருங்குகிறது. வாராவாரம் இருபத்தேழு நிமிடம் போய்விடும். இந்த இடத்தில் விதி தொழிலாளிக்கு நியாயம் செய்யவில்லை என்பதே என் கருத்து. ஆனால் சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவைத்தான். நிமிடங்களைக் கழிக்காமல் சேர்த்துக்கொண்டு வர முதலாளிக்குத் தடை ஏதுமில்லை, கேட்டுப் பாருங்கள்.

விடுப்பு எடுக்கும்போது சம்பளம் தருவது ஒரு முறை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சம்பளத்துடனும் 12.07 சதவீதத்தைச் சேர்த்தே கொடுத்துவிடும் இன்னொரு முறையும் உண்டு. மணிகள் மாறுபவர்களுக்கு இதுவும் சட்டபூர்வமானதே. மேலே சொன்ன மாணவிக்கு ஏப்ரல் சம்பளம் 806 பவுண்டு. அதற்கு மேல் 97.28 பவுண்டு வர வேண்டும். அந்தத் தொகை பேஸ்லிப்பில் தனி வரியாக இருக்க வேண்டும். இப்படி முன்கூட்டியே பெறுபவர் பிறகு விடுப்பில் போகும்போது சம்பளம் வராது. ஆனால் விடுப்பில் போகும் உரிமை அப்படியே இருக்கிறது. "காசு வாங்கிவிட்டாய், லீவு கிடையாது" என்று சொல்ல முடியாது.

நான் அதிகம் அஞ்சுவது இந்த முறையின் போலி வடிவத்தைத்தான். "மணிக்கு 13 பவுண்டு, ஹாலிடே எல்லாம் அதற்குள்ளேயே" என்பார்கள். பேஸ்லிப்பில் தனி வரி இருக்காது. 13ஐ 1.1207ஆல் வகுத்துப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 11.60 பவுண்டுதான். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஊதியம் 12.71 பவுண்டு. அதாவது, முதலாளி சொல்வதை அப்படியே நம்பினால் அவர் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை மீறுகிறார். நம்பாவிட்டால் விடுப்புச் சம்பளம் தரவில்லை. இரண்டில் ஒன்று நிச்சயம்.

நோயிலோ மகப்பேற்று விடுப்பிலோ இருக்கும்போதும் விடுப்பு சேர்வது நிற்பதில்லை. முந்தைய 52 வாரச் சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். வேலையை விட்டு நிற்கும்போது எடுக்காத விடுப்புக்குப் பணம் தர வேண்டும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். கடைசிச் சம்பளம் வந்ததே போதும் என்று போய்விடுகிறார்கள்.

பணம் வரவில்லை என்றால் முதலில் மணிகளைத் திரட்டுங்கள். ரோட்டாவின் புகைப்படம், ஷிஃப்டுக்கு அழைத்த வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த நாள், எல்லாமே சான்றுதான். பிறகு முதலாளிக்கு எழுத்தில் கேளுங்கள்: என் விடுப்பு ஆண்டு எப்போது தொடங்குகிறது, இதுவரை எத்தனை மணி விடுப்பு சேர்ந்திருக்கிறது, எந்தச் சதவீதத்தில் கணக்கிட்டீர்கள்? வாயால் கேட்டதற்குச் சான்று இருக்காது. பலருக்கு இந்த மூன்று கேள்விகளிலேயே பணம் வந்துவிடக்கூடும்.

வராவிட்டால் ஏக்காஸ் என்ற அரசு சார் சமரச அமைப்பை 0300 123 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆலோசனைக்குக் கட்டணமில்லை. தொழில் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் அவர்களிடம் சமரசத்துக்குப் பதிவு செய்தாக வேண்டும். தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியவும் கட்டணம் கிடையாது. கெடுவில்தான் கவனம் வேண்டும். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதே நெடுநாளாக இருந்துவரும் கெடு. அதை ஆறு மாதமாக்கும் சட்டம் 2025இல் நிறைவேறியிருக்கிறது. இருந்தாலும் மூன்று மாதக் கெடுவை நம்பியே நடந்துகொள்வது பாதுகாப்பு. தொடர்ந்து குறைத்துக் கொடுத்திருந்தால் பொதுவாக இரண்டு ஆண்டுவரை பின்னோக்கிக் கோரலாம். இவையெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம்.

இன்றிரவு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கடந்த மாதப் பேஸ்லிப்பை எடுத்து, உழைத்த மணிகளை 0.1207ஆல் பெருக்கிப் பாருங்கள். வரும் எண் எங்கேயும் பதிவாகியிருக்காவிட்டால், நாளைக்கே எழுதிக் கேளுங்கள்.