ரெய்க்யாவிக்கில் விடிவது காலை பத்து மணிக்கு

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் சுற்றுலா போகும்போது நாம் யாரும் சூரியன் எப்போது உதிக்கும், எப்போது மறையும் என்று பார்த்துத் திட்டம் போடுவதில்லை. எட்டு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும், ஆறரைக்கு இருட்டும் என்பது நம் உடம்பிலேயே ஊறிய கணக்கு. ஐஸ்லாந்துக்கு டிசம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு முதல் நாளே உதவாமல் போய்விடும்.

தலைநகர் ரெய்க்யாவிக் 64 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று அங்கே சூரியன் உதிப்பது காலை 11:22 மணிவாக்கில், மறைவது பிற்பகல் 3:30 மணிவாக்கில். மொத்தம் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இதைக் கைபேசியில் பார்த்ததும் பலர் பயந்துபோய்ப் பாதி இடங்களைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுகிறார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். உதயம், அஸ்தமனம் என்ற இரண்டு நேரங்கள் அங்கே முழு விவரத்தையும் சொல்வதில்லை. அவற்றோடு அந்தி வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக அடிவானத்துக்குக் கீழே இறங்குகிறது. மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். வடக்கே போகப் போக அதன் பாதை சாய்ந்துகொண்டே வருகிறது. ரெய்க்யாவிக்கின் டிசம்பர் சூரியன் உச்சிப்பொழுதிலும் அடிவானத்துக்கு மேல் இரண்டரை டிகிரிதான் ஏறும். சரிவான பாதையில் மெதுவாக மேலே வந்து, அதே சரிவில் மெதுவாக இறங்கும். அதனால் உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நடக்கவும் படம் எடுக்கவும் போதுமான வெளிச்சம் இருக்கும். சூரியன் அடிவானத்துக்கு ஆறு டிகிரி கீழே போகும்வரை உள்ள இந்த நேரத்தை, உதய அஸ்தமன அட்டவணைகளில் ‘சிவில் ட்விலைட்’ என்ற தலைப்பில் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதைச் சேர்த்தால் ரெய்க்யாவிக்கின் டிசம்பர் பகல் காலை பத்து மணி தொட்டு மாலை நாலே முக்கால் வரை நீள்கிறது. கையில் இருப்பது நாலு மணி நேரமில்லை, ஆறே முக்கால் மணி நேரம்.

இதை வைத்து ஒரு நாளை அமைத்துப் பார்ப்போம். ‘கோல்டன் சர்க்கிள்’ என்று அவர்கள் சொல்லும் சுற்றில் மூன்று முக்கிய இடங்கள்: திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குல்ஃபோஸ் அருவி. காலை ஒன்பதேகாலுக்கு நல்ல இருட்டில் காரை எடுத்தால், சாலை சரியாக இருக்கும் நாளில் பத்து மணிக்குத் திங்வெட்லிர். அந்தி வெளிச்சம் தொடங்கும் நேரம் அது. 930-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தின் சபை கூடத் தொடங்கிய அந்தப் பாறைப் பிளவு வழியாக நீல வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் நடக்கலாம். உயரமான பாறைச் சுவர்களுக்கு நடுவே இவ்வளவு தாழ்ந்த சூரியன் எப்படியும் எட்டிப் பார்க்காது. ஆகவே சூரியன் தேவைப்படாத இடத்தை முதலில் வைத்துக்கொள்வதுதான் சரி.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பினால் வழியிலேயே விடியும். பன்னிரண்டே காலுக்குள் கெய்சிர். அங்கே ஸ்ட்ரோக்குர் ஊற்று ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீச்சியடிக்கும். சாய்ந்த சூரியன் ஆவித்தூணுக்குப் பின்னால் நின்றால் அது தங்கமாக ஒளிரும். கோடையின் உச்சிவெயிலில் இந்தக் காட்சி கிடைக்காது. அங்கிருந்து பத்து நிமிடப் பயணம் குல்ஃபோஸ். ஒன்றரை மணிவாக்கில் போய்ச் சேர்வீர்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தாலும், அங்கே சூரியன் உச்சத்துக்கு வருவது அப்போதுதான். ஐஸ்லாந்து புவியமைப்பில் கிரீன்விச்சுக்கு வெகு மேற்கே இருந்துகொண்டு ஆண்டு முழுதும் கிரீன்விச் நேரத்தையே வைத்திருப்பதால் வந்த வித்தியாசம் இது. காலையில் சோம்பி எழுந்து பிற்பகலை நம்பலாம் என்பதே இதன் நடைமுறைப் பலன்.

இரண்டரைக்கு அங்கிருந்து புறப்பட்டால், சூரியன் மறையும் தறுவாயில் கெரித் எரிமலைப் பள்ளம். நாலு மணிக்குக் காரில் ஏறிவிட்டால், ஊர் திரும்பும் கடைசிப் பகுதி மட்டும்தான் இருட்டில். மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி நேரம் செலவழிப்பதுதான் இந்த நாளில் மிகப் பெரிய நஷ்டம். கையில் ரொட்டியைக் கட்டிக்கொண்டு போங்கள். நல்ல சாப்பாடு, அருங்காட்சியகம், ஊர்ப் பொதுக்குளத்தின் வெந்நீர்க் குளியல் எல்லாவற்றையும் இருட்டுக்கு ஒதுக்குங்கள். கிளம்புமுன் umferdin.is தளத்தில் சாலை நிலவரமும் vedur.is தளத்தில் வானிலையும் பார்ப்பது கட்டாயம். பனிப்புயல் நாளில் அட்டவணையின் எந்த நேரமும் செல்லாது.

அட்டவணைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அது தட்டையான அடிவானத்தை வைத்துக் கணக்கிடுகிறது. வடமேற்கில் மலைகள் சூழ்ந்த ஈசாஃபியோர்துர் ஊரில் அட்டவணைப்படி தினமும் சூரியன் உதித்தாலும், ஏறக்குறைய இரண்டு மாதம் அது மலையைத் தாண்டி ஊருக்குள் தெரியாது. ஜனவரி 25-ஐ ஒட்டி அது மறுபடி தெரியும்போது, ஊரே பான்கேக் சுட்டுக் காப்பி குடித்துக் கொண்டாடும். ஆகவே பள்ளத்தாக்கில் தங்குபவர்கள் அட்டவணையோடு மலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கனத்த மேகம் இருந்தாலும் அந்தி வெளிச்சத்தின் இரு முனையிலும் கால் மணி நேரத்தைக் கழித்துவிடுவது நல்லது.

ஜூனில் தொல்லை வேறு விதம். ஜூன் 21 அன்று சூரியன் விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன் உதித்து, நள்ளிரவு தாண்டி 12:03 மணிக்கு மறைகிறது. அட்டவணையில் ‘மறைவு 00:03’ என்று பார்த்து, அது முந்தின இரவைச் சேர்ந்ததா அடுத்த இரவைச் சேர்ந்ததா என்று குழம்புவோர் உண்டு. இரவு ஒன்பது மணிக்குச் சூரியன் இருக்கும் உயரம், நம் ஊரில் அது மறைய முக்கால் மணி இருக்கும்போதைய உயரம். ஆகவே பேருந்துக் கூட்டம் மொய்க்கும் பகலில் தூங்கி ஓய்ந்து, இரவு எட்டு மணிக்குமேல் அருவிக்குப் போவதே என் விருப்பம். கூட்டமும் குறைவு, வெளிச்சமும் மென்மை. ஆனால் சமையலறைகள் கடிகாரப்படிதான் மூடும், களைப்பும் வெளிச்சத்தைப் பார்த்துக் காத்திருக்காது. பதினோரு மணிக்கும் பளிச்சென்று இருப்பதால் இன்னும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டலாம் என்று தோன்றும், அங்கேதான் ஆபத்து. படுக்கும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்து, கண்மறைப்புத் துணியோடு போக வேண்டும். வடதுருவ ஒளியைப் பார்க்க ஜூனில் போவதும் வீண். அதற்கு இருட்டு வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் பிப்ரவரி இறுதி நல்லது: அப்போது பகல் பத்து மணி நேரம், இரவு முழு இருட்டு.

பூமத்திய ரேகைப் பக்கம் போனால் எல்லாம் தலைகீழ். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் சுமார் பத்து நிமிடத்துக்குள்தான் மாறுகிறது. இடத்துக்கு இயல்பான நேரத்தைவிடக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், உதயம் ஏழு மணியை ஒட்டி, அஸ்தமனமும் ஏழு மணியை ஒட்டி. அங்கே பகலைத் துண்டாடுவது இருட்டல்ல, வெயில். தாவரவியல் பூங்காவை ஏழிலிருந்து பத்துக்குள் முடித்து, நடுப்பகலை அருங்காட்சியகத்துக்கு விட்டு, ஐந்து மணிக்கு மறுபடி வெளியே வர வேண்டும். அந்தி அங்கே இருபது நிமிடம்தான். கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க ஏழு மணிக்கு டாக்ஸி பிடித்தால், போய்ச் சேர்வதற்குள் வானம் கறுத்திருக்கும். ஆறரைக்கே மணலில் இருக்க வேண்டும். போகும் மாதத்தின் நேரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்: நவம்பர் தொடக்கத்தில் ஏழுக்குப் பத்து நிமிடம் முன்பே மறையும் சூரியன், பிப்ரவரியில் ஏழு இருபது வரை காத்திருக்கும்.