நாவுக்கு இசைந்த சொல்: பிறமொழியாளர்க்குத் தமிழ் மேடையுரை எழுதும் முறை

இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தமிழகத்தில் மாவட்ட ஆட்சியராக இருக்கிறார். முசௌரியில் பயிற்சி பெற்ற நாளிலேயே தமிழ் கற்கத் தொடங்கியவர். ஊர் மக்களோடு ஓரளவு உரையாடவும் செய்வார். பள்ளி விழா ஒன்றில் ஐந்து மணித்துளி தமிழில் பேச விரும்புகிறார் என்று கொள்வோம். உரையை எழுதித் தரும் பணி, அலுவலகத்தில் நல்ல தமிழ் அறிந்த ஒருவரிடம் வந்து சேர்கிறது. அவர் முதலில் அஞ்சுவது ழகரத்தை. ‘வாழ்த்து’, ‘விழா’, ‘உழைப்பு’ ஆகியவற்றைத் தேடித் தேடி நீக்குகிறார். பிறகு தமக்குப் பழகிய நடையில் மூன்று வரி நீளத் தொடர்களை எழுதித் தந்துவிடுகிறார். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டார் என்பதே என் கருத்து.

ழகரத்தைத் தவறவிடுவது பிறமொழியாளர் மட்டுமல்லர். தமிழரிலேயே பெருந்தொகையினர் அதை ளகரமாக ஒலிக்கிறார்கள். ‘வாளைப்பளம்’ என்று கேட்டவர் எவரும் வாளைமீனை நினைத்துக் குழம்புவதில்லை. நம் செவி அந்தத் திரிபைச் சரிசெய்துகொள்ள நெடுங்காலமாகப் பழகியிருக்கிறது. ஓர் ஒலி கடினமானதா என்பது ஒரு கேள்வி. அது பிழைத்தால் பொருள் பிழைக்குமா என்பது வேறு கேள்வி. கனடாவைச் சேர்ந்த மன்ரோ, டெர்விங் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சீன மொழியினர் பேசிய ஆங்கிலத்தைத் தாய்மொழியாளர்களுக்குக் கேட்கத் தந்து, கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதச் செய்தார்கள். அயல்வாடை எவ்வளவு என்றும் மதிப்பிடச் செய்தார்கள். வாடை மிகுதி என்று மதிப்பிடப்பட்ட பேச்சையும் கேட்டவர்கள் பெரும்பாலும் பிழையின்றி எழுதிவிட்டார்கள். வாடை வேறு, விளக்கம் வேறு. உரை எழுதுகிறவர் காக்க வேண்டியது விளக்கத்தை.

இந்திக்காரரின் தமிழில் விளக்கத்தைக் கெடுப்பது எது? எகர ஒகரக் குறில்கள். அகரம், இகரம், உகரம் மூன்றிலும் இந்திக்குக் குறில் நெடில் வேறுபாடு உண்டு. ஆகவே ‘கல்’, ‘கால்’ என்பவற்றையோ ‘விடு’, ‘வீடு’ என்பவற்றையோ அவர் குழப்பமாட்டார். ஆனால் எகரமும் ஏகாரமும் அவர் மொழியில் தனித்தனி ஒலிகள் அல்ல. ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. இருப்பது நெடில் மட்டும். தமிழ் போன்ற மொழிகளின் குறில்களைக் காட்டத் தேவநாகரியில் தனிக்குறிகள் வகுக்கப்பட்டுள்ளன என்றாலும் இந்தி படித்தவர் அவற்றை அறியார். எனவே ‘என் அன்பு மக்களே’ என்று எழுதித் தந்தால் ‘ஏன் அன்பு மக்களே’ என்று அரங்கில் ஒலிக்கும். ‘நாட்டுக் கொடி’ ‘நாட்டுக் கோடி’ ஆகும். மாணவர்க்குத் தரும் உதவித்தொகை, மயிலுக்குரிய தோகையாகிவிடும். ‘பொன்’ என்றால் மக்கள் காதில் விழுவது கைப்பேசி.

இதற்காக எகரத்தையும் ஒகரத்தையும் முற்றும் ஒழிக்க வேண்டியதில்லை. ‘ஒரு’ என்பதை அவர் ‘ஓரு’ என்பார்; அப்படியொரு சொல் தமிழில் இல்லாததால் எவரும் தடுமாறார். ‘எல்லோரும்’ என்பதும் அவ்வாறே. நெடிலாக்கினால் வேறொரு சொல்லாக மாறிவிடுகின்ற சொற்களை மட்டும் களைந்தால் போதும். ‘என்’ இருந்த இடத்தில் ‘நம்’ வரலாம். ‘உதவித்தொகை’ என்பதற்கு ‘உதவிப் பணம்’ என்று சொல்லலாம். ‘செடி நடுவோம்’ என்பதை ‘மரக்கன்று நடுவோம்’ என்றாக்கலாம்.

இன்னொரு இடர், சொல்லின் ஈற்றில் வரும் அகரத்தில் இருக்கிறது. தேவநாகரி எழுத்தும் தமிழைப் போலவே மெய்யோடு அகரம் சேர்ந்த எழுத்துதான். ஆயினும் இந்தி பேசுகிறவர் சொல்லின் இறுதி அகரத்தை ஒலிப்பதில்லை. நடுவிலும் பல இடங்களில் விழுங்கிவிடுவார். ‘ராம’ என்று எழுதி ‘ராம்’ என்று படிப்பது அவர்க்கு இயல்பு. இந்த விதியை மஞ்சரி ஓகாலா போன்ற ஒலியியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மருத்துவ முகாம் ஒன்றில் ‘பல மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்ற தொடரைத் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தால், அவர் படிப்பது ‘பல் மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்று. காய்ச்சலுக்கு வந்தவர்கள் எழுந்து போனாலும் வியப்பில்லை. அகரத்தைக் காப்பாற்ற எண்ணி ஈற்றில் ஆகாரக் குறி இட்டால் அது ‘பலா மருத்துவர்கள்’ ஆகும். பல்லுக்கும் பலாவுக்கும் நடுவே நிற்கின்ற அந்தக் குறிலைக் காட்ட எழுத்தில் வழியில்லை. சொல்லை மாற்றுவதே வழி: ‘பத்து மருத்துவர்கள்’ என்று எண்ணைச் சொல்லிவிடலாம். ‘நகரம்’ என்பதும் ‘நக்ரம்’ என்று வரும். அங்கே ‘ஊர்’ போதும்.

உரோமன் எழுத்தில் எழுதித் தருவது இதைவிடத் தீங்கு. ‘படம்’, ‘பாடம்’, ‘பதம்’ மூன்றும் அதில் ஒரே வடிவம் பெறக்கூடும். நாம் தகரத்துக்கு இட்டு வழங்கும் ஈரெழுத்தை அவர் மூச்சோடு கூடிய வல்லின ஒலியாகவே படிப்பார். தேவநாகரியில் எழுதும்போதும் தமிழ் எழுத்தை அப்படியே பெயர்க்காமல், காதில் விழுவதை எழுத வேண்டும். ‘தங்கம்’ என்பதன் நடுவிலுள்ள ககரத்துக்கு மெல்லோசை எழுத்தும், ‘பாடம்’ என்பதன் டகரத்துக்கு அடியில் புள்ளியிட்ட எழுத்தும் அங்கே ஆயத்தமாக உள்ளன.

லகர ளகரத்தில் ஒரு சொல்லை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். பள்ளி விழாவில் ‘பள்ளி’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. அது ‘பல்லி’ ஆகிவிட்டால் பொருள் விளங்கும், ஆனால் பிள்ளைகள் சிரிப்பை அடக்கமாட்டார்கள். ‘பாடசாலை’ என்றால் இந்தி நாவுக்கு மிக எளிது. அச்சொல்லின் உறவுச்சொல் அவர் மொழியிலேயே இருக்கிறது. எனினும் தமிழகத்துப் பள்ளி மேடையில் அது சற்று அயலாக ஒலிக்கும். இங்கே சொல்லை மாற்றுவதைவிட நாவைப் பழக்குவதே மேல் என்பேன். டகரம் அவர் மொழியில் உண்டு. டகரத்துக்கு நாக்கை எங்கே வளைத்து வைப்பாரோ அங்கேயே வைத்துக்கொண்டு லகரத்தைச் சொல்லச் சொன்னால் ளகரம் பிறந்துவிடும். ஓர் உரையில் இப்படிப் பழக்கத்தக்கவை இரண்டு, மூன்று சொற்கள். அதற்குமேல் ஆசைப்பட்டால் எதுவும் நிலைக்காது.

இனித் தொடரின் நீளம். அலுவலகத்தார் எழுதித் தந்த உரையில் இப்படியொரு தொடர் இருக்கும்: ‘இப்பள்ளியின் வளர்ச்சிக்காக ஒருங்கிணைந்து உழைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஊர்ப் பொதுமக்களுக்கும் உளமார்ந்த வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.’ இந்தியிலும் வினை ஈற்றில்தான் வரும். ஆகவே சொல்வரிசை அவரைத் தடுக்காது. தடுப்பது ஒவ்வொரு சொல்லின் நீளம். ‘உழைத்துக்கொண்டிருக்கும்’ என்பதில் ஏழு ஒலியசைகள், ‘கடமைப்பட்டிருக்கிறேன்’ என்பதில் எட்டு.

மனத்தில் ஒலிவடிவாகத் தாங்கி வைத்திருக்கும் இடம் சிறியது. பேட்லியும் அவர் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் காட்டியபடி, ஏறத்தாழ இரண்டு நொடிகளில் ஒருவர் சொல்லி முடிக்கக்கூடிய அளவே அதில் தங்கும். நீண்ட சொற்களானால் எண்ணிக்கை குறையும். எல்லிசு, என்னெல்லி இருவரும் 1980-இல் வேல்சு நாட்டு இருமொழியாளரிடம் ஆய்ந்தபோது, வேல்சு மொழி எண்ணுப்பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் ஆவதால் நினைவில் தங்கும் எண்களும் குறைவதைக் கண்டார்கள். இரண்டாம் மொழியில் பேசுகிறவர் மெதுவாகத்தான் ஒலிக்க முடியும். நமக்கு இரண்டு நொடியில் அடங்கும் சொல் அவர்க்கு மூன்று நொடி. அதன் முற்பகுதியை ஒலிக்கும்போதே பிற்பகுதி மனத்தைவிட்டு நழுவுகிறது. மீண்டும் தாளைப் பார்க்கிறார். ‘கடமைப்பட்டி’ என்று நின்று, ‘ருக்கிறேன்’ என்று தொடர்கிறார். ஒலிகள் அத்தனையும் சரியாக இருந்தும், சொல்லின் நடுவே விழுந்த அந்த இடைவெளி கேட்பவரைக் குலைத்துவிடுகிறது.

அதே செய்தியை இவ்வாறு எழுதலாம்: ‘ஆசிரியர் அனைவருக்கும் நன்றி. ஊர் மக்களுக்கும் நன்றி. இந்தப் பள்ளி நன்றாக வளர்கிறது. அதற்கு நீங்கள்தான் காரணம்.’ ஒவ்வொன்றும் ஒரு மூச்சில் முடியும். இயன்றவரை ஒரு சொல்லில் ஐந்து அசைக்கு மேல் வேண்டாம். ‘கொண்டிரு’, ‘பட்டிரு’ போன்ற துணைவினைகள் வேண்டா. எச்சத்தின்மேல் எச்சம் அடுக்க வேண்டா. தாளிலும் ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். வரி முடிவில் ஒரு சொல் கூடப் பிளவுபடக் கூடாது.

ஆயினும் குறுமைக்கும் எல்லை உண்டு. தமிழில் பணிவு பெரும்பாலும் சொல்லின் ஈற்றில்தான் இருக்கிறது. ஈற்றைக் குறைக்கக் குறைக்கப் பேச்சு கட்டளையாகிறது. ‘பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். படிப்பை நிறுத்தாதீர்கள். இளவயது மணம் வேண்டாம்.’ இது ஆட்சியர் வாயிலிருந்து வரும்போது அறிவுரையாக இராது, ஆணையாக இருக்கும். இவற்றுக்கிடையே ‘நாம்’ என்பதை நுழைத்தால் கடுமை தணியும். ‘நம் பிள்ளைகள் படிக்க வேண்டாமா?’ என்று கேட்டால் இன்னும் தணியும். கேள்வியின் ஈற்று ஆகாரம் இந்தி நாவுக்கு எளிது. கூட்டமும் வாய்விட்டு மறுமொழி சொல்லும். அந்த மறுமொழி வரும் நேரத்தில் அவர் அடுத்த வரியைப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதியது தேறியதா என்று அறிய எழுதியவரின் செவி உதவாது. என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியும். ஆட்சியர் ஒருமுறை படிப்பதைக் கைப்பேசியில் பதிந்து, உரையை முன்பு காணாத ஒருவரிடம் தந்து, கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். அலுவலக உதவியாளர், ஓட்டுநர் எவராயினும் சரி. அவர் தவறாக எழுதிய சொல் மாற்றத்துக்குரியது. சரியாக எழுதிய சொல்லை, எவ்வளவு கொச்சையாக ஒலித்தாலும், விட்டுவிடலாம். பதிவில் சொல்லின் நடுவே நிறுத்தம் விழுந்த இடங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே சொல்லைப் பிரிக்கவோ குறைக்கவோ வேண்டும்.

மாற்ற முடியாதவை பெயர்கள். பெரம்பலூரில் நின்று வேறு ஊரின் பெயரைச் சொல்ல முடியாது; ‘பேரம்’ என்று தொடங்கிவிட்டால் வணிகம் பேசுவதாகத் தோன்றும். ‘கொடைக்கானல்’ இந்திக்காரர் வாயில் ‘கோடைக்கானல்’ என்றே பழகிவிட்டது. ஊர்ப்பெயர், தலைமையாசிரியர் பெயர், ஊராட்சித் தலைவர் பெயர் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, விழாவுக்கு முன்நாளே தனியே சொல்லிப் பழக வேண்டும். உரையிலும் அவற்றை முதல் வரியில் வைக்கக் கூடாது. ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கி, நாவு சூடேறிய பின், இரண்டாம் மூன்றாம் வரிகளில், ஒரு வரிக்கு ஒரு பெயராக வைக்கலாம்.